பகுதி மேலேயா, கீழேயா?

ஐந்தாம் வகுப்புப் பிள்ளையிடம் 3/4 என்று எழுதிக் காட்டி, "இதில் பகுதி எது?" என்று கேட்டுப் பாருங்கள். விடையை மனப்பாடம் செய்து வைத்திருக்காத பிள்ளை மூன்றைத் தொட்டுக் காட்டினால் வியப்பதற்கில்லை. புத்தகப்படி அது தவறு. மேலே இருக்கும் மூன்று தொகுதி, கீழே இருக்கும் நான்குதான் பகுதி. (அச்சு வசதிக்காக இங்கே சாய்கோடு போட்டிருக்கிறேன். நோட்டில் எழுதும்போது கிடைக்கோடு போட்டு, மூன்றை அதன் மேலும் நான்கைக் கீழும் எழுதுகிறோம்.)

ஆனால் பிள்ளையின் பதிலிலும் நியாயம் இருக்கிறது. ஊர்ப் பேச்சில் பகுதி என்றால் ஒரு முழுப் பொருளில் நாம் எடுத்துக்கொண்ட துண்டு. தெருவின் ஒரு பகுதியில் தண்ணீர் வரவில்லை என்கிறோம், சம்பளத்தில் ஒரு பகுதி வட்டிக்கே போகிறது என்கிறோம். அப்படியானால் நான்கு துண்டில் மூன்றை எடுத்தபின் அந்த மூன்றுதானே பகுதி? தொகுதி என்ற சொல்லும் பிள்ளைக்குத் துணை வருவதில்லை. சட்டமன்றத் தொகுதி, கதைத் தொகுதி என்று அது கேட்டதெல்லாம் பலவற்றை உள்ளடக்கிய பெரிய ஒன்று. எனவே தொகுதி முழுமையைக் குறிக்கும், அதாவது நான்கைக் குறிக்கும் என்று அது முடிவு கட்டுகிறது. அன்றாடப் பொருளை நம்பினால் இரண்டு சொற்களும் தலைகீழாகத்தான் வழி காட்டும்.

ஆங்கில வழியில் படிக்கும் பிள்ளைக்கு இந்தக் குழப்பம் இல்லை, ஏனென்றால் நியூமரேட்டரும் டினாமினேட்டரும் அதன் காதில் எந்தப் பொருளும் தராத ஓசைகள். டினாமினேட்டரின் முதல் எழுத்து டி, டி என்றால் டவுன், ஆகவே கீழே இருப்பது அது என்று யாரோ சொல்லிக் கொடுத்திருப்பார்கள். இடம் நினைவில் நிற்கும், வேலை தெரியாது. பரீட்சையில் மதிப்பெண் வாங்க அது போதும். பின்னக் கூட்டல் வரும்போதுதான் போதாமை தெரியும்.

தமிழ்ச் சொற்களில் ஒரு வசதி ஒளிந்திருக்கிறது. பகுதியையும் தொகுதியையும் பெயர்ச்சொல்லாகப் பார்க்காமல், அவை பிறந்த வினைகளுக்குப் போனால் குழப்பம் தீர்ந்துவிடும். பகு என்றால் பிரி. தொகு என்றால் சேர். எத்தனையாகப் பகுத்தோமோ அது பகுதி. பகுத்ததில் எத்தனையைத் தொகுத்தோமோ அது தொகுதி.

இதை வாயால் சொன்னால் போதாது, கையால் செய்ய வேண்டும். என் அண்ணன் மகளுக்கு நான் செய்து காட்டியது இப்படி. 12 செ.மீ. நீளமுள்ள காகிதப் பட்டை ஒன்றை வெட்டிக்கொண்டேன். பலரும் தோசையையோ பிட்சாவையோ வரைந்து காட்டுவார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. வட்டத்தை நான்காக வெட்டுவது சுலபம், ஐந்தாகச் சரியாக வெட்டிக் காட்டப் பெரியவர்களாலேயே ஆகாது. பட்டையை மடிக்கலாம், அளக்கலாம், ஒன்றன்மேல் ஒன்று வைத்து ஒப்பிடலாம்.

பட்டையை இரண்டாக மடித்து, மறுபடி இரண்டாக மடித்து விரித்தாள்.

"எத்தனையா பகுத்தே?"

"நாலா."

"அதுல மூணைப் பென்சிலால தீட்டு. எத்தனையைத் தொகுத்தே?"

"மூணு. அப்ப, பகுத்தது பகுதி, தொகுத்தது தொகுதியா அத்தை?"

அவ்வளவுதான். வேலை நடக்கும் வரிசையும் இதில் தெரிகிறது. பகுத்த பிறகுதான் தொகுக்க முடியும். தமிழில் பின்னத்தைப் படிக்கும் முறையும் அதே வரிசையில் போகிறது: நான்கில் மூன்று. முதலில் கீழே இருப்பதைச் சொல்கிறோம், பிறகு மேலே இருப்பதை. அதனால் தொடக்கத்தில் சில நாட்களுக்குப் பிள்ளை பின்னத்தை எழுதும்போதும் முதலில் கோடு, அடுத்துக் கீழே நான்கு, கடைசியாக மேலே மூன்று என்று எழுதவிடலாம். மேலிருந்து கீழாகத்தான் எழுத வேண்டும் என்று எந்தச் சட்டமும் கிடையாது.

இங்கே ஒரு நிபந்தனையைச் சொல்லாமல் விட்டால் பின்னால் சிக்கல் வரும். பட்டையை மனம்போன போக்கில் நான்காகக் கிழித்தால் அது நான்கு துண்டுதான், ஆனால் நான்கில் ஒன்று அங்கே இல்லை. பின்னம் என்ற சொல் வடமொழியில் உடைந்தது என்ற பொருள் கொண்டது. கை முறிந்த சிலையைப் பின்னமான சிலை என்று இன்றும் சொல்கிறோம். சிலை எப்படி வேண்டுமானாலும் உடையலாம், கணக்கில் வரும் பின்னம் சமமாகத்தான் உடைய வேண்டும். பகு என்று கணக்கில் சொன்னால் சமமாகப் பகு என்றே பொருள். அந்தச் 'சமமாக' என்ற சொல் வாக்கியத்தில் கண்ணுக்குத் தெரியாமல் நிற்கிறது. பிள்ளைக்கு அதைத் தனியாகச் சொல்லிவிட வேண்டும்.

அடுத்தது, மேலே இருக்கும் எண்ணும் கீழே இருக்கும் எண்ணும் ஒரே வகை வேலை செய்பவை அல்ல என்பது. பின்னத்தில் பிள்ளைகள் செய்யும் தவறுகளில் பெரும்பங்கு இதைப் பிடிக்காமல் போவதால்தான் வருகிறது. இதைப் புரிய வைக்க நம்மிடம் அருமையான ஒரு சொல் இருக்கிறது: முக்கால். மூன்று, கால் என்ற இரண்டும் சேர்ந்ததுதான் அது. கால் என்பது துண்டின் பெயர், மூன்று என்பது அந்தத் துண்டுகள் எத்தனை என்ற எண்ணிக்கை. 3/4 என்று எழுதும்போது மேலே இருக்கும் மூன்று அதே எண்ணிக்கைதான். கீழே இருக்கும் நான்கு, கால் என்ற பெயருக்குப் பதிலாக உட்கார்ந்திருக்கிறது. பார்க்க எண் மாதிரி இருந்தாலும் அது பெயரின் வேலையைச் செய்கிறது. இலத்தீனிலிருந்து வந்த அந்த ஆங்கிலச் சொற்களுக்கும் எண்ணுவது, பெயரிடுவது என்பதே பொருள்.

இந்தப் பெயர்களைப் பழைய தமிழ்க் கணக்கு வெகுநேர்த்தியாக அடுக்கி வைத்திருந்தது. ஒன்றில் பாதி அரை. அரையில் பாதி கால். காலில் பாதி அரைக்கால், அதாவது 1/8. அதில் பாதி வீசம், அதாவது 1/16. இன்னொரு பக்கம் மா என்பது 1/20, காணி 1/80, முந்திரி 1/320. திண்ணைப் பள்ளிப் பிள்ளைகள் எண்சுவடியில் இவற்றை மனனம் செய்தார்கள். முந்திரி வரை இன்றைய பிள்ளைக்கு வேண்டியதில்லை. அரைக்கால் வேண்டும், ஏனென்றால் ஒரு பெரிய தவறுக்கு அதில் மருந்து இருக்கிறது.

1/4, 1/8 இரண்டில் எது பெரியது என்று கேட்டால், பல பிள்ளைகள் 1/8 என்பார்கள். எட்டு நான்கை விடப் பெரியது அல்லவா? இது மந்த புத்தி அல்ல, முழு எண்களில் மூன்று நான்கு வருடம் பழகிய பழக்கம். ஆனால் கால் பெரியதா, அரைக்கால் பெரியதா என்று கேளுங்கள். காலில் பாதிதான் அரைக்கால் என்று தெரிந்த பிள்ளை தடுமாறாது. பெயரிலேயே அளவு இருக்கிறது. அதன்பின் பட்டையை மடித்துக் காட்டலாம். ஒருமுறை கூடுதலாக மடித்தால் துண்டுகளின் எண்ணிக்கை நான்கிலிருந்து எட்டாகிறது, துண்டின் நீளம் 3 செ.மீ.யிலிருந்து ஒன்றரை செ.மீ.க்கு இறங்குகிறது. பகுதி வளர வளரத் துண்டு சிறுக்கும்.

அரைக்கால் என்பது அரையும் காலும் சேர்ந்ததா என்று ஒரு பிள்ளை கேட்கக்கூடும். நல்ல கேள்வி. இல்லை, அது காலில் அரை. கூட்டிச் சொல்ல வேண்டுமானால் தமிழ் நடுவில் ஓர் ஏகாரம் போடும்: காலே அரைக்கால் என்றால் 1/4 உடன் 1/8, அதாவது 3/8. ஒன்றே முக்கால் என்றால் ஒன்றும் முக்காலும். பள்ளியில் கலப்பு பின்னம் என்று எழுதுவதில் முழு எண்ணுக்கும் பின்னத்துக்கும் நடுவே எந்தக் குறியும் இருக்காது. அங்கே காதுக்குக் கேட்காமல் நிற்பது இந்த ஏகாரம்தான் என்று சொல்லிவிட்டால், பெரிய வகுப்புக்குப் போய் இயற்கணிதத்தில் குறியில்லாமல் ஒட்டி எழுதினால் பெருக்கல் என்று படிக்கும்போது குழம்பாது.

பழைய பெயர் வரிசைக்கும் எல்லை உண்டு. இரண்டாலும் ஐந்தாலும் பிரித்துப் பிரித்து வந்த அளவுகள் அவை. மூன்றில் ஒன்றுக்கோ ஏழில் ஒன்றுக்கோ அதில் கால், அரை போல ஒரு சொல் கிடையாது. பெயருக்குப் பதிலாக எண்ணையே கீழே எழுதும் முறையில் எந்தப் பகுதியும் எழுதலாம், அதனால்தான் பள்ளியில் அது நிலைத்தது.

இப்போது கூட்டலுக்கு வருவோம். 1/2 + 1/3 எவ்வளவு? மேலே ஒன்றும் ஒன்றும் இரண்டு, கீழே இரண்டும் மூன்றும் ஐந்து, ஆக 2/5 என்று எழுதும் பிள்ளைகள் எல்லா ஊரிலும் உண்டு. சிவப்பு மையால் அடித்துவிட்டு மீச்சிறு பொது மடங்கு எடுக்கச் சொல்வது வழக்கம். பிள்ளை எடுக்கும், ஆனால் தன் விடை ஏன் தவறு என்று தெரியாமலேயே எடுக்கும். அதைவிட, தவறு தானாகத் தெரியும்படி செய்வது மேல்.

அதே 12 செ.மீ. பட்டை. அதில் அரை 6 செ.மீ. மூன்றில் ஒன்று 4 செ.மீ. இரண்டையும் ஒட்டி வைத்தால் 10 செ.மீ. வருகிறது. பிள்ளை சொன்ன 2/5 எவ்வளவு நீளம்? 12ஐ ஐந்தாகப் பகுத்தால் ஒரு துண்டு 2.4 செ.மீ., இரண்டு துண்டு 4.8 செ.மீ. முதலில் கையில் இருந்த அரையே 6 செ.மீ. அதோடு இன்னும் கொஞ்சம் சேர்த்த பிறகு 4.8 ஆகக் குறைந்துவிட்டதா? இந்த இடத்தில் பிள்ளையே சிரித்துவிடும். கூட்டிய விடை கூட்டப்பட்ட எண்ணை விடச் சிறிதாக இருந்தால் எங்கோ பிசகு என்று தெரிந்துகொள்ள இந்த ஒரு சோதனை போதும், ஆசிரியரின் மை தேவையில்லை.

பிசகு எங்கே? பகுதியைக் கூட்டியதில். பெயரைக் கூட்ட முடியாது. இரண்டு கால் சேர்ந்தால் இரண்டு கால்தான். ஒரு அரையும் ஒரு காலும் சேர்ந்தால் என்ன? அரையை இரண்டு கால் என்று பெயர் மாற்றிக்கொள்கிறோம், மூன்று கால், முக்கால். பேச்சில் இதைப் பிள்ளைகள் யோசிக்காமலே செய்கின்றன. அரைக்கும் மூன்றில் ஒன்றுக்கும் அப்படி ஒரு பொதுப் பெயர் தேட வேண்டும். பட்டையில் 2 செ.மீ. துண்டை வைத்து அளந்து பாருங்கள்: 6 செ.மீ.யில் அது மூன்று முறை அடங்குகிறது, 4 செ.மீ.யில் இரண்டு முறை. முழுப் பட்டையில் ஆறு முறை. ஆகவே அந்தத் துண்டின் பெயர் ஆறில் ஒன்று. மூன்றும் இரண்டும் ஐந்து துண்டு, விடை 5/6.

ஏன் ஆறு, பன்னிரண்டாக இருக்கக் கூடாதா என்று கேட்டால், தாராளமாக இருக்கலாம். 1 செ.மீ. துண்டால் அளந்தால் ஆறும் நான்கும் பத்து, விடை 10/12. அதுவும் அதே 10 செ.மீ.தான். மீச்சிறு என்பது எழுத்து வேலை குறைய வேண்டும் என்பதற்காக. பொது என்பதுதான் கட்டாயம். பள்ளிகளில் முதல் சொல்லுக்குக் கொடுக்கும் அழுத்தத்தில் இரண்டாவது சொல் காணாமல் போய்விடுகிறது என்று எனக்குத் தோன்றும்.

தொகுதி பகுதியை விடப் பெரிதாக இருந்தால்? புத்தகம் அதைத் தகா பின்னம் என்கிறது. தகாதது என்றதும் ஏதோ தப்பு செய்துவிட்டதாகப் பிள்ளை நினைக்கும். தப்பு ஒன்றும் இல்லை, 7/4 நல்ல எண், ஒன்றே முக்கால். செய்து காட்ட இரண்டு பட்டைகள் வேண்டும். ஒவ்வொன்றையும் நான்காக மடித்து, முதல் பட்டையில் நான்கையும் இரண்டாவதில் மூன்றையும் தீட்ட வேண்டும். கவனம் வேண்டிய இடம் இது. எதிரே மொத்தம் எட்டுத் துண்டுகள் இருப்பதைப் பார்த்துப் பிள்ளை 7/8 என்று எழுதிவிடும். பகுதி என்பது எதிரில் இருக்கும் துண்டுகளின் எண்ணிக்கை அல்ல, ஒரு முழுப் பட்டையை எத்தனையாகப் பகுத்தோம் என்பது. எந்த ஒன்று முழுமை என்பதை முதலிலேயே பேசி வைத்துக்கொண்டால் இது நேராது.

பூஜ்யம் பற்றியும் பிள்ளைகள் கேட்கும். 0/4 எழுதலாமா? நான்காகப் பகுத்தேன், ஒன்றையும் தொகுக்கவில்லை. எழுதலாம், அதன் மதிப்பு பூஜ்யம். 4/0? பட்டையைப் பூஜ்யம் சமத் துண்டுகளாகப் பகு என்று சொல்லிப் பாருங்கள். பிள்ளை பட்டையைப் புரட்டிப் பார்த்துவிட்டு, செய்ய முடியாது என்று சொல்லும். இந்த வயதுக்கு அந்த விளக்கம் போதும்.

இதுவரை எடுத்ததெல்லாம் இரண்டாக மடிக்கத் தோதான பகுதிகள், அல்லது 12 செ.மீ.யில் சுலபமாக அடங்கும் பகுதிகள். 11 செ.மீ. பட்டையை ஏழாகப் பகுக்க வேண்டுமென்றால்? மடித்து ஆகாது. 11ஐ ஏழால் வகுத்தால் 1.571428 என்று முடிவில்லாமல் போகும், அளவுகோலில் அந்தக் கோடு இல்லை. வழி ஒன்று இருக்கிறது, அதற்கு இணைகோடுகள் என்றால் என்ன என்று தெரிய வேண்டும்.

அங்கேயும் சொல் காலை வாருகிறது. இரண்டு ஆறுகள் இணையும் இடம் என்றால் அவை சந்திக்கும் இடம். மின்இணைப்பு என்றால் கம்பியும் கம்பியும் சேர்வது. அப்படி வளர்ந்த காதுக்கு, இணைகோடுகள் என்றால் இணைந்த கோடுகள், ஒன்றாய்ச் சேரும் கோடுகள். புத்தகமோ இணைகோடுகள் ஒருபோதும் சந்திக்காது என்கிறது. இந்த இணை இணைதலில் வருவது அல்ல, இணையற்ற வீரன் என்பதில் வரும் இணை. நிகர், ஈடு, ஜோடி என்ற பொருள். ஒன்றுக்கு ஒன்று ஈடாக, ஒரே திசையில் போகும் ஜோடி.

இலங்கைத் தமிழ்ப் பாடநூல்களில் இதைச் சமாந்தரக் கோடுகள் என்பார்கள். சமம், அந்தரம், அதாவது ஒரே அளவான இடைவெளி. பிள்ளைக்கு விளக்க இதைவிடத் தோதான சொல் இல்லை என்பேன். தமிழ்நாட்டுப் பிள்ளைக்கும் இதைச் சொல்லிக் கொடுப்பதில் நஷ்டம் ஏதுமில்லை.

இரண்டு சொல்லும் இரண்டு விதமான இலக்கணத்தைத் தொட்டு நிற்கின்றன. யூக்ளிட் கிரேக்கத்தில் எழுதிய வடிவியல் நூலில், ஒரே தளத்தில் இருந்து, இருபுறமும் எவ்வளவு நீட்டினாலும் சந்திக்காத நேர்கோடுகள் என்று இவற்றை வரையறுத்தார். பின்னால் வந்த பொசிடோனியஸ் என்ற கிரேக்க அறிஞர், இடைவெளி மாறாமல் இருப்பதை வைத்து வரையறுத்தார். காகிதத்தில் யூக்ளிட் சொன்னதற்கும் பொசிடோனியஸ் சொன்னதற்கும் ஒரே கோடுகள்தான் கிடைக்கும், ஆனால் பத்து வயதுப் பிள்ளைக்கு எது சோதிக்கக் கூடியது என்று யோசியுங்கள். எவ்வளவு நீட்டினாலும் சந்திக்காது என்பதை யார் போய்ப் பார்ப்பது? நோட்டுக்குள் சந்திக்காத கோடுகள் எத்தனையோ உண்டு, அவை மேசையைத் தாண்டிச் சந்திக்கலாம். இடைவெளியையோ அளவுகோல் வைத்து இப்போதே அளந்துவிடலாம்.

அளப்பதில் ஒரு தவறு நேரும். அளவுகோலை ஓரிடத்தில் நேராகவும் இன்னோரிடத்தில் சாய்வாகவும் வைத்து, 3 செ.மீ., 3.4 செ.மீ., எனவே இணை இல்லை என்று பிள்ளை சொல்லும். இடைவெளி என்றால் மிகக் குறைந்த தூரம், கோட்டுக்குச் செங்குத்தாக அளந்தது. ஜியோமெட்ரி பாக்ஸில் யாரும் தொடாமல் கிடக்கும் மூலைமட்டத்துக்கு இங்கேதான் வேலை. அதன் செங்கோண மூலையின் ஒரு விளிம்பைக் கோட்டின்மேல் பொருத்தினால், மற்ற விளிம்பு செங்குத்தாக நிற்கும், அதன் வழியே அளக்கலாம். ஒன்றுக்கொன்று தள்ளி இரண்டு இடங்களில் அளந்து ஒரே அளவு வந்தால் போதும், அந்த நேர்கோடுகள் இணைதான். இரண்டு இடமும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தால் சிறு சாய்வு கண்ணுக்குத் தப்பிவிடும், அதனால் கோட்டின் இரு கோடிகளில் அளப்பது நல்லது.

யூக்ளிட் சொன்ன 'ஒரே தளத்தில்' என்பதையும் ஒரு நிமிடம் அறைக்குள் பார்த்துவிடலாம். தரையில் கிழக்கு மேற்காக ஓடும் சுவர் ஓரத்தையும், கூரையில் வடக்கு தெற்காக ஓடும் ஓரத்தையும் காட்டுங்கள். எவ்வளவு நீட்டினாலும் இரண்டும் சந்திக்கப்போவதில்லை. ஆனால் அவை இணைகோடுகள் அல்ல, ஒரே தாளில் இரண்டையும் கிடத்த முடியாது.

1557இல் இராபர்ட் ரெக்கார்ட் என்ற வேல்ஸ் நாட்டுக்காரர் தன் கணக்குப் புத்தகத்தில் சமக்குறியை முதன்முதலில் அச்சிட்டார். அதற்கு அவர் எடுத்துக்கொண்டது ஒரே நீளமுள்ள இரண்டு இணைகோடுகளை, இவற்றைவிடச் சமமான இரண்டு பொருள் வேறு இருக்க முடியாது என்ற காரணத்தைச் சொல்லி. அவர் போட்ட குறி இன்று நாம் போடுவதைவிட வெகுநீளம். பிள்ளை தினமும் போடும் = குறியே ஒரு ஜோடி சமாந்தரக் கோடு என்பது சொன்னால் மறக்காது.

சரி, 11 செ.மீ. பட்டைக்கு வருவோம். வேண்டியது கோடு போட்ட நோட்டு ஒன்று மட்டும். அதன் கோடுகள் எல்லாம் இணை, எல்லா இடைவெளியும் சமம். நான் எடுத்த நோட்டில் கோட்டுக்கும் கோட்டுக்கும் 8 மி.மீ. ஏழு துண்டு வேண்டுமென்றால் ஏழு இடைவெளி வேண்டும், ஏழு இடைவெளிக்கு எட்டுக் கோடு. இங்கே பிள்ளைகள் ஏழு கோடுகளை எண்ணிவிட்டு ஆறு துண்டோடு நிற்பார்கள். அதனால் முதல் கோட்டுக்குப் பூஜ்யம் என்று பெயரிட்டு, அடுத்தவற்றுக்கு 1 முதல் 7 வரை ஓரத்தில் எழுதிக்கொள்வது நல்லது.

பட்டையின் ஒரு முனையைப் பூஜ்யக் கோட்டின்மேல் வையுங்கள். மறு முனை ஏழாம் கோட்டின்மேல் சரியாக விழும்வரை பட்டையைச் சாய்த்துக்கொண்டே போங்கள். ஏழு இடைவெளியின் மொத்த அகலம் 56 மி.மீ., பட்டையோ 110 மி.மீ., ஆகவே அது நன்றாகவே சாய்ந்து படுக்கும். இப்போது ஒவ்வொரு கோடும் பட்டையின் விளிம்பைத் தொடும் இடத்தில் புள்ளி வையுங்கள். ஆறு புள்ளி, ஏழு சமத் துண்டு. ஒவ்வொன்றும் ஏறக்குறைய 15.7 மி.மீ. இருக்கும், அந்த எண் பிள்ளைக்குத் தெரிய வேண்டிய அவசியமே இல்லை.

ஏன் சமமாக வருகிறது? பட்டையின் விளிம்பு எல்லாக் கோடுகளையும் குறுக்கே வெட்டிக்கொண்டு போகிறது. கோடுகள் இணையாக இருப்பதால் ஒவ்வொரு வெட்டிலும் அது ஒரே கோணத்தில் சாய்ந்திருக்கிறது. பெரிய வகுப்பில் இவற்றை ஒத்த கோணங்கள் என்பார்கள். பாகைமானியை ஒவ்வொரு புள்ளியிலும் வைத்துப் பார்த்தால் ஏறக்குறைய 30 பாகையே திரும்பத் திரும்ப வரும். சாய்வும் மாறவில்லை, கடக்க வேண்டிய இடைவெளியும் மாறவில்லை என்றால் கடக்கும் நீளம் மட்டும் எப்படி மாறும்? கோடுகள் இணையாக இல்லாமல் ஒரு பக்கம் நெருங்கி வந்திருந்தால், துண்டுகளும் அந்தப் பக்கம் சிறுத்திருக்கும்.

சரிபார்க்க அளவுகோல் வேண்டாம். வேறொரு காகித ஓரத்தில் முதல் துண்டின் நீளத்தைக் குறித்துக்கொண்டு, அதை மற்ற ஆறின்மேலும் நகர்த்திப் பார்த்தால் தெரியும். ஒரு துண்டு மட்டும் நீண்டிருந்தால் பெரும்பாலும் பக்கத்தின் மேல் ஓரக் கோட்டைக் கணக்கில் சேர்த்திருப்பீர்கள், அங்கே இடைவெளி மற்றவற்றைவிட அகலமாக அச்சாகி இருக்கும். துண்டுகள் சிறுகச் சிறுக மாறிக்கொண்டே போனால் பட்டை நடுவில் வளைந்திருக்கிறது, கெட்டி அட்டையில் வெட்டிக்கொள்ளுங்கள்.

இனி அந்த ஏழில் மூன்றைத் தீட்டச் சொல்லலாம். பகுதி ஏழு, தொகுதி மூன்று, 3/7.

இந்த முறை கைகொடுக்காத இடம் ஒன்று உண்டு. 4 செ.மீ. பட்டையை ஏழாகப் பகுக்கப் பார்த்தால், நேராக நிமிர்த்தி வைத்தாலும் அது 56 மி.மீ.யை எட்டாது. அப்போது நோட்டை விட்டுவிட்டு, நெருக்கமான கோடுகளை நாமே போட வேண்டும். வெள்ளைத் தாளில் ஒரு கோடு போட்டு, மூலைமட்டத்தின் ஒரு விளிம்பை அதன்மேல் பொருத்தி, செங்கோணத்தின் மறு விளிம்பை ஒட்டி அளவுகோலை அழுத்திப் பிடித்து, மூலைமட்டத்தை மட்டும் 5 மி.மீ. நகர்த்தி அடுத்த கோடு. ஏழு முறை நகர்த்தினால் எட்டுக் கோடு, 35 மி.மீ. அகலம். 40 மி.மீ. பட்டை அதில் சாய்ந்து உட்காரும். அளவுகோல் நழுவினால் எல்லாம் கெடும், அதைப் பிடித்துக்கொள்ள மட்டும் பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருந்தால் போதும்.